ரிப்போர்ட் நார்மல், கையிருப்பு குறைவு

ஒரே வீட்டில் இருக்கும் 80 வயதுப் பாட்டியும் 25 வயதுப் பேத்தியும் ஒரே லேபில் ரத்தம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கிரியேட்டினின் 0.9. ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லை. சிறுநீரகம் இருவருக்கும் நன்றாக இருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. வயது ஏற ஏறத் தசை கரைகிறது, அதனால் கழிவும் குறைவாகவே உண்டாகிறது. வடிகட்டும் திறனும் குறைந்துகொண்டே வருவதால் ரத்தத்தில் தேங்கும் அளவு மட்டும் மாறாமல் நிற்கிறது. இதைச் சரிக்கட்டத்தான் வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை 1976-இல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் வெளியிட்டார்கள். பேத்தியின் எடை 55 கிலோ, பாட்டியின் எடை 45 கிலோ என்று அதில் போட்டுப் பாருங்கள். பேத்தியின் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது, பாட்டியுடையது 35. இது மதிப்பீடுதான், துல்லிய அளவு அல்ல. ஆனாலும் ஒரே 0.9-க்குப் பின்னால் எவ்வளவு பெரிய வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பாட்டிக்கு நோய் என்று இதற்கு அர்த்தமில்லை. சாதாரண நாளின் வேலைக்கு அந்த 35 போதும். இளமையில் ஒவ்வோர் உறுப்புக்கும் அன்றாடத் தேவையைப் போலப் பல மடங்கு திறன் இருக்கிறது. அந்த உபரித் திறனைத்தான் கையிருப்பு என்கிறோம். முதுமை முதலில் கை வைப்பது இந்தக் கையிருப்பில்தான்.

அமெரிக்காவின் பால்டிமோரில் 1958-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வுக்குப் பின்னால் இருந்த உடலியல் அறிஞர் நேதன் ஷாக், இதைத் தெளிவாகக் காட்டினார். ஓய்வாக இருக்கும்போது முதியவரின் ரத்த அமிலநிலையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இளைஞருடையதிலிருந்து பெரிதாக மாறுவதில்லை. உடலுக்கு ஒரு சுமையைக் கொடுத்தால்தான் வித்தியாசம் வெளிப்படும். முதியவரின் அளவுகள் அதிகம் தடம் புரளும், பழைய நிலைக்குத் திரும்பவும் கூடுதல் நேரம் ஆகும்.

எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. கண்ணின் லென்ஸ் கிட்டப் பார்வைக்காக வளைந்து கொடுக்கும் திறன் சிறுவயதிலேயே குறையத் தொடங்கி, 50-களில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதனால்தான் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. நுரையீரலின் ஊதும் வேகம் 25 வயதை ஒட்டி உச்சம் தொட்டுப் பிறகு இறங்குகிறது. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு 25 வயதில் நிமிடத்துக்குச் சுமார் 190 என்றால், 80 வயதில் சுமார் 150. சிறுநீரக வடிகட்டல் பலருக்கு 40-க்கு மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் குறைகிறது. ஆனால் பால்டிமோரில் பல்லாண்டு கவனிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தச் சரிவே தென்படவில்லை. ஆகவே வயதை மட்டும் பார்த்து யாருடைய சிறுநீரகத்தையும் எடைபோட்டுவிடக் கூடாது. நரம்பு வழியே செய்தி ஓடும் வேகமோ 30-இலிருந்து 80-க்குள் 10, 15 சதவீதம்தான் குறைகிறது. பல உறுப்புகள் ஒத்துழைத்துச் செய்யவேண்டிய வேலைகளே வேகமாகச் சரிகின்றன என்பது ஷாக் கண்ட ஒழுங்கு.

பாட்டியிடம் திரும்புவோம். ஒரு கோடை நாளில் அவருக்கு வயிற்றுப்போக்கு. பேத்திக்கும் அதேதான். பேத்திக்கு உடனே நாக்கு வறண்டு தாகம் எடுக்கிறது, சொம்பு சொம்பாகக் குடிக்கிறாள். அவளுடைய சிறுநீரகம் நீரையும் உப்பையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பாட்டிக்கு அந்தத் தாகம் எடுப்பதில்லை. 1984-இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஆரோக்கியமான முதிய ஆண்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீரில்லாமல் வைத்தார்கள். முதியவர்களின் ரத்தம் அதிகம் செறிந்திருந்தும் அவர்களுக்குத் தாகம் குறைவாகவே இருந்தது. பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். அதோடு, முதிய சிறுநீரகத்தால் சிறுநீரைப் போதிய அளவு செறிவாக்க முடியாது. நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

ரத்த அளவு குறைகிறது. எழுந்து நிற்கும்போது இதயம் விரைந்து துடித்து அழுத்தத்தைத் தாங்க வேண்டும், ஆனால் அந்த அனிச்சைச் செயலும் மந்தமாகிவிட்டது. பாட்டி கழிவறைக்குப் போக எழுந்து தள்ளாடி விழுகிறார். இடுப்பு வலிக்கு வீட்டிலிருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்று கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகச் சாப்பிடும் எனலாப்ரிலும் உள்ளே போகிறது.

நிலைமை இங்குதான் கைமீறுகிறது. நீர் வற்றிய சிறுநீரகம், வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்தும் வெளியேறும் குழாயை இறுக்கியும் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. டைக்ளோஃபெனாக் முதல் குழாயைத் திறந்துவைக்கும் பொருள் உருவாவதைத் தடுக்கிறது. எனலாப்ரில் இரண்டாவதைத் தளர்த்துகிறது. இவற்றோடு சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் வடிகட்டல் சரசரவென்று விழும். பேத்தியிடம் 83-இலிருந்து இறங்க இடம் இருக்கிறது. 35-இலிருந்து இறங்கப் பாட்டிக்கு அவ்வளவு இடம் இல்லை.

இதை எப்படிக் கண்டுகொள்வது? முதியவர்கள் பெரும்பாலும் தாகம் என்றோ வலி என்றோ சொல்லமாட்டார்கள். பேச்சு குழறும், ஆளைக் குழப்பிக்கொள்வார்கள், புதிதாகத் தடுமாறுவார்கள். முதுமையில் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் கையைக் கிள்ளிப் பார்ப்பது பயன்படாது. வாய் வறட்சியும் குறைந்த சிறுநீரும் அதைவிட நல்ல தடயங்கள். வீட்டில் பி.பி. கருவி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ஒருமுறையும், நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களிலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது பொருட்படுத்த வேண்டிய சரிவு. நிற்க முடியாதவரை இதற்காக நிற்கவைக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டி, வழக்கமான மாத்திரைகளில் எதை நிறுத்திவைப்பது என்று கேட்க வேண்டும். வலி மாத்திரையை அவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

பதறிப்போய் அளவில்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பதும் ஆபத்து. மிகை நீரை விரைந்து வெளியேற்றவும் முதிய சிறுநீரகத்துக்குக் கையிருப்பு இல்லை. ரத்தத்தில் சோடியம் சரிந்து குழப்பம் கூடும். சலைன் வேகமாக ஏறினால், விறைத்துப்போன இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுசிறு மடக்காக, கேட்காவிட்டாலும் நேரம் வைத்துக் கொடுப்பதே ஏற்றது.

வயிற்றுப்போக்கு நின்ற பிறகு, பாட்டி ஓய்வெடுக்கட்டும் என்று பல நாள் கட்டிலிலேயே வைத்துவிடுகிறோம். 1966-இல் டாலஸில் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்துச் சோதித்தார்கள். 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் மீண்டும் அளந்தபோது, உழைக்கும் திறனில் அந்த 30 ஆண்டு முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிக இழப்பைச் செய்திருந்தது தெரிந்தது. எலும்பு முறிவு இல்லை, நின்றால் அழுத்தம் சரியவில்லை என்று மருத்துவர் உறுதி செய்த அன்றே பாட்டியைக் கைப்பிடித்து நாற்காலி வரை நடத்திச் சென்று, உட்காரவைத்துச் சாப்பாடு கொடுக்கலாம்.