ஒற்றை எழுத்து, எழுபது தலைமுறை

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் வாழும் நாமா, கோமானி மக்கள் கோய்சான் என்ற தொல்குடிக் குழுவைச் சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்கர் பலரைவிட இவர்களின் நிறம் வெளிர் பழுப்பு. 2018-இல் இவர்களின் டிஎன்ஏ குறித்து வெளியான ஆய்வு ஒரு வியப்பான செய்தியைச் சொன்னது. ஐரோப்பியர் ஏறக்குறைய அனைவரிடமும் இருக்கும் ஒரு நிற மரபணு மாற்றம் இவர்களிடமும் 33 முதல் 53 சதவீதம் வரை பரவியிருந்தது.

அந்த மரபணுவின் பெயர் எஸ்எல்சி24ஏ5. அது நிறத்தோடு தொடர்புடையது என்று காட்டிக்கொடுத்தது வரிக்குதிரை மீன் என்ற சிறு மீன். அதில் ‘கோல்டன்’ எனப்படும் ஒரு வகைக்குக் கோடுகள் வெளிறியிருக்கும். அந்த மீனில் பழுதடைந்திருந்த மரபணுவை அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த கீத் செங் குழு 2005-இல் அடையாளம் கண்டது. மனித மரபணுவின் ஆர்என்ஏவை அந்த மீனின் கருவில் செலுத்தியதும் கருநிறம் திரும்பியது.

மனிதரிடம் நடந்திருப்பது ஒற்றை எழுத்து மாற்றம். அதனால் இந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 111-வது இடத்தில் அலனினுக்குப் பதிலாகத் திரியோனின் என்ற அமினோ அமிலம் வந்து உட்கார்கிறது. தோல் செல்களில் மெலனின் சேரும் பொதிகள் சரியாக நிரம்ப இந்தப் புரதம் வேண்டும். அது மந்தமானால் மெலனின் குறையும், தோல் வெளுக்கும்.

கோய்சான்களிடம் இதைக் கொண்டுவந்தவர்கள் யார்? 1652-க்குப் பிறகு கேப் பகுதியில் குடியேறிய ஐரோப்பியர்களின் கலப்பு ஒரு காரணம். அதற்கும் முன்பே, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கால்நடைகளோடு மேய்ப்பர்கள் தெற்கே வந்தார்கள். அவர்களின் முன்னோரில் ஒரு பகுதியினர் மேற்காசியாவிலிருந்து ஆப்பிரிக்கா திரும்பியவர்கள். அவர்கள் வழியாகவும் இந்த மாற்றம் வந்தது.

ஆனால் கலப்பு மட்டுமே காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. வெளியிலிருந்து வந்த முன்னோரின் பங்கு டிஎன்ஏ முழுவதிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரிய வேண்டும். இந்த ஓர் எழுத்து மட்டும் அந்த அளவைத் தாண்டி ஏறியிருந்தது. தற்செயலாக இப்படி நடக்குமா என்று கணினியில் பலமுறை ஓட்டிப் பார்த்தும் விடை பொருந்தவில்லை. இயற்கைத் தேர்வு இதைத் தூக்கிவிட்டிருக்கிறது. ஒரு தலைமுறைக்கு 4 முதல் 5 சதவீதம் கூடுதல் சாதகம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

4 சதவீதம் சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் இது வட்டிக்கு வட்டி போல ஏறும். ஒரு பேச்சுக்கு, மேய்ப்பர்கள் வந்தபோது நூறு பிரதிகளில் 5 மட்டுமே புதிய வடிவம் என்று வைத்துக்கொள்வோம். புதிய வடிவத்துக்கும் பழையதற்கும் உள்ள விகிதம் தலைமுறைதோறும் 4 சதவீதம் கூடுகிறது. 2,000 ஆண்டு என்பது சுமார் 70 தலைமுறை. அதற்குள் அந்த விகிதம் 15 மடங்குக்கு மேல் பெருகி, நூறில் 5 என்பது நூறில் 45-ஐத் தொட்டுவிடும்.

ஐரோப்பாவிலும் இதே இரண்டு படிகள்தான்: ஆட்கள் கொண்டுவந்தார்கள், தேர்வு பெருக்கியது. ஸ்பெயினின் லா பிரான்யா குகையில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுக்கு முந்தைய வேட்டைக்காரரிடம் பழைய வடிவமே இருந்தது. அனத்தோலியாவிலிருந்து வந்த உழவர்களிடமோ புதிய வடிவம் ஏற்கெனவே மிகுதி. வெயில் குறைந்த நாட்டில் வைட்டமின் டி உருவாக வெளிர்தோல் உதவியது என்பது இந்தத் தேர்வுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இந்த மரபணுவைச் சுற்றிச் சுமார் 1,50,000 எழுத்து நீளத்துக்கு ஐரோப்பியர்களிடம் வேறுபாடே அருகிக் கிடக்கிறது. ஒரு வடிவம் வேகமாகப் பெருகும்போது பக்கத்திலிருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதன் தடயம் இது.

இதை வைத்து உலகின் வெளிர்நிறம் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. சீனர்களிடமும் ஜப்பானியர்களிடமும் இது அரிது. அவர்களின் நிறத்துக்கு வேறு மரபணுக்கள் காரணம். இந்தியாவில் இருப்பதோ ஐரோப்பாவில் இருக்கும் அதே வடிவம், ஒரே மூலத்திலிருந்து வந்தது. தென்னிந்தியர் 1,228 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களிடையே தெரிந்த நிற வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்தை இந்த ஒற்றை எழுத்தே விளக்கியது.

அம்மா, அப்பா இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தால், ஒரு குழந்தைக்கு இரண்டுமே கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்றுமே கிடைக்காமல் போகவும் அதே வாய்ப்பு. அக்கா கறுப்பாகவும் தங்கை சிவப்பாகவும் பிறந்தால் ‘யாரைக் கொண்டு பிறந்தது?’ என்று உறவினர்கள் கேட்பார்கள். பல வீடுகளில் அதற்குரிய பதிலில் ஒரு பங்கு இந்த எழுத்துக்கும் உண்டு.