மெல்போர்னுக்கு ஒரு பார்சல்

திருநெல்வேலியிலிருந்து மெல்போர்னில் இருக்கும் மகளுக்கு ஒரு குடும்பம் பார்சல் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பருத்திப் புடவை, குழந்தைக்கு மூன்று டி-சர்ட், எவர்சில்வர் டிபன் பாக்ஸ், சாம்பார் பொடி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, வீட்டு மரத்துக் கறிவேப்பிலை, கொப்பரை, ஒரு பவர் பேங்க். எல்லாம் கூடத்தில் பரப்பி வைத்தாயிற்று. பலரும் செய்வதுபோல் அடுத்து அட்டைப்பெட்டி தேடப் போகக்கூடாது. எதை எடுத்து வைக்கவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும்.

விமானத்தில் ஏறக்கூடாதவை ஒரு வகை. பவர் பேங்கில் இருப்பது லித்தியம் பேட்டரி. உள்ளே பழுதானால் தானாகத் தீப்பிடிக்கும். சென்ட், நெயில் பாலிஷ், ஸ்ப்ரே டப்பா, லைட்டர் எல்லாமே எளிதில் தீப்பற்றுபவை. பலருக்குத் தெரியாதது கொப்பரை. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை, காற்றோட்டம் இல்லாமல் அடைந்து கிடந்தால் தானே சூடேறும். அதனால்தான் விமானச் சரக்கு விதிகளில் தானாகத் தீப்பற்றும் பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது.

போய்ச் சேரும் நாடு ஏற்காதவை இன்னொரு வகை. இதில் ஆஸ்திரேலியா மிகக் கண்டிப்பு. மாடுகளைத் தாக்கும் கோமாரி நோய் அங்கே 1872-க்குப் பிறகு வந்ததில்லை. அந்த நோயின் கிருமி பாலிலும் இருக்கக்கூடும் என்பதால் பால்கோவா, பர்ஃபி, பேடா, குலாப் ஜாமூன் எதற்கும் அனுமதி இல்லை. கறிவேப்பிலைக்கும் காரணம் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். ஒரு கைப்பிடி இலை ஒரு தோப்புக்கே ஆபத்தாகலாம். சாம்பார் பொடியை அனுப்புவதென்றால் கடையில் சீல் வைத்த, சேர்மானங்கள் அச்சிட்ட பாக்கெட்டாக இருப்பது நல்லது. அனுப்புமுன், மெல்போர்னில் இருக்கும் மகளே அந்நாட்டு அரசின் பைகான் தளத்தில் அந்தப் பொருளின் பெயரைத் தேடி நிபந்தனையைப் பார்த்துவிடலாம்.

மிஞ்சியவற்றுக்குத்தான் பெட்டி. எடை 6.2 கிலோ என்று கொள்வோம். கூரியர்காரர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். 45, 35, 30 சென்டிமீட்டர் பெட்டியில் அடைத்தால் கணக்கு 9.45 வரும், 9.5 கிலோவுக்குக் கட்டணம். அதே சாமானை 40, 30, 25 பெட்டியில் இறுக்கமாக அடுக்கினால் கணக்கு 6 கிலோதான். அப்போது தராசு எடையே கூடுதல் என்பதால், அரைக் கிலோவாக முழுமையாக்கி 6.5 கிலோவுக்குக் கொடுத்தால் போதும். வெறும் காற்றுக்கு மூன்று கிலோ காசு அழுவானேன்? தபால் அலுவலகத்தில் அனுப்பினாலும் எந்தக் கணக்கு என்று கவுன்டரில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சுங்கப் படிவம். தபாலில் பெரிய பார்சலுக்கு அதன் பெயர் சிஎன் 23. பார்சல் ஊர் போய்ச் சேருமுன்பே இந்த விவரங்கள் கணினி வழியாக அங்கே போய்விடும். சுங்க அதிகாரி பெட்டியைப் பார்க்கும் முன் இந்த வரிகளைத்தான் படிக்கிறார். அதனால் ‘கிஃப்ட்’, ‘வீட்டுச் சாமான்’, ‘உணவுப் பொருள்’ என்று மொட்டையாக எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பெட்டியைப் பிரிக்கச் சொல்வார். என்ன பொருள், எதனால் ஆனது, யாருக்கானது, எத்தனை என்று ஆங்கிலத்தில் எழுதவேண்டும்: ‘குழந்தைகள் டி-சர்ட், பருத்தி, பின்னல் துணி, 3’, ‘டிபன் பாக்ஸ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1’. பொருளுக்கு உலகம் முழுக்கப் பொதுவான ஆறு இலக்க எச்.எஸ். எண்ணும் கேட்பார்கள். பருத்திப் பின்னல் டி-சர்ட்டுக்கு 610910, எவர்சில்வர் சமையல் பாத்திரத்துக்கு 732393. பரிசு என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு, அங்கே டிக் செய்தால் போதும்.

ஒவ்வொரு பொருளின் எடையையும் தனித்தனியே எழுதவேண்டும். அவற்றின் கூட்டுத்தொகை மொத்த எடையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும், பெட்டிக்கும் எடை உண்டல்லவா. கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டினால் படிவத்தில் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். விலையைக் குறைத்து எழுதும் பழக்கமும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1000 டாலர் மதிப்புக்குள் இருக்கும் பரிசுப் பார்சலுக்கு, மதுவும் புகையிலையும் இல்லாதவரை, சுங்க வரி பொதுவாகக் கிடையாது. குறைத்து எழுதுவதில் லாபமே இல்லை. பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலையை ஒட்டித்தான் கிடைக்கும்.

பெட்டியை வீட்டில் டேப் சுற்றி ஒட்டிவிடாதீர்கள். கவுன்டரில் திறந்து காட்டச் சொல்வார்கள். அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். பார்சலைக் கொடுக்க முடியாமல் போனால் திருப்பி அனுப்பவேண்டுமா, கைவிடவேண்டுமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம். உள்ளே இருப்பதன் மதிப்பு அந்தச் செலவைவிடக் குறைவென்றால் ‘கைவிடுக’ என்பதையே குறியுங்கள்.