பின்னாலிருந்து இழுக்கும் காற்று

கார் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினால் குதிரைத்திறன், டார்க், டிக்கியின் கொள்ளளவு என்று ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். சில நிறுவனங்கள் அதில் இன்னொரு எண்ணையும் சேர்த்திருப்பார்கள். 0.28 என்றோ 0.32 என்றோ போட்டிருக்கும். பக்கத்தில் கிலோ, மீட்டர் என்று எந்த அலகும் இருக்காது. அதுதான் இழுவைக் குணகம். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி சி.டி. என்பார்கள். ஷோரூமில் விளக்கம் கேட்டால் “அது ஏரோடைனமிக்ஸ் சார்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

உண்மையில் அது ஒரு விகிதம், அவ்வளவுதான். நடுத்தர அளவு கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே வரும் காற்று அதன் மூக்கில் மோதி அப்படியே நின்றுபோகும் இடத்தில், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிலோ அழுத்தம் விழும். காரை நேர் எதிரிலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 100 கிலோ வருகிறது. ஆனால் சோதித்துப் பார்த்தால் அந்தக் காரைக் காற்று பின்னுக்கு இழுப்பது 32 கிலோ விசையோடுதான். 100 வரவேண்டிய இடத்தில் 32. ஆகவே குணகம் 0.32. மூக்கில் மோதும் காற்றில் பெரும்பகுதி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது.

இதில் பரப்பு தனி, குணகம் தனி. உயரமான ஒரு எஸ்யூவியின் குணகம் 0.38, முன்பரப்பு 2.7 சதுர மீட்டர் என்றால், அதே வேகத்தில் அதன் மீது விழும் இழுவை 46 கிலோ. குணகத்தில் வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், பரப்போடு சேர்ந்து இழுவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பரப்பை மறப்பவர்கள்தான் அதிகம்.

வேகம் இன்னும் கொடுமையானது. இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நம்முடைய 0.32 காரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இழுவை 5 கிலோதான்; 80-இல் 20 கிலோ, 100-இல் 32, 120-இல் 46. டயர்கள் தரையில் உருளும்போது ஏற்படும் தடை, ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள வண்டிக்குச் சுமார் 12 கிலோ. வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. ஆக, ஊருக்குள் ஓட்டும்போது டயர்தான் பெரிய எதிரி. நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் எஞ்சின் சக்கரத்துக்கு அனுப்பும் உழைப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றுக்கே போகிறது.

இதைக் காற்றுச் சுரங்கம் இல்லாமலும் அளக்க வழி உண்டு. சோதனைத் தடத்தில் வண்டியை வேகமாக ஓட்டி, நியூட்ரலுக்கு மாற்றி, அது தானாக வேகம் இழப்பதை நேரம் பிடிப்பார்கள். எதிர்க்காற்றின் பிழை கழிய, இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். நம் கார் 100-இலிருந்து 95-க்கு இறங்க நான்கு விநாடிகூட ஆகாது. அதே வண்டி 35-இலிருந்து 30-க்கு இறங்கப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளும். முதலாவதில் காற்று இழுக்கிறது, இரண்டாவதில் டயர். இரண்டையும் இப்படித்தான் பிரித்தெடுக்கிறார்கள்.

சரி, இந்த 32 கிலோ எங்கிருந்து வருகிறது? முன்பக்கம் காற்றைக் கிழிப்பதால் என்றுதான் எல்லாரும் நினைப்போம். அதனால்தான் கூர்மையான மூக்கைப் பார்த்ததும் ‘காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்’ என்கிறோம். ஆனால் ஒரு சதுரத் தகட்டைக் காற்றுக்கு நேரே பிடித்தால் அதன் குணகம் சுமார் 1.17. மோதும் காற்று முழுவதும் நின்றாலே 1-தான் வர வேண்டும். மிச்சத்தைக் கொண்டுவருவது பின்பக்கம். விளிம்பைத் தாண்டிய காற்று உள்ளே திரும்பி வர முடியாமல் பிரிந்துபோகிறது. தகட்டின் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழல்கள் நிறைந்த ஒரு பள்ளம் உருவாகித் தகட்டைப் பின்னாலிருந்து உறிஞ்சுகிறது. மூக்கை ஓரளவு உருண்டையாக்கிவிட்டால் முன்பக்கத்துப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பின்பக்கம் அவ்வளவு எளிதில் மசியாது. ஒரு வட்டக் கம்பியும், அதைப் போலப் பத்து மடங்கு தடிமனுள்ள விமான இறக்கை வடிவமும் ஏறக்குறைய ஒரே அளவு இழுவையைத்தான் தருகின்றன. இறக்கையின் நீண்டு மெலிந்த வால்தான் காரணம். அப்படியொரு வாலைக் காருக்கு வைத்தால் அதை நிறுத்த இடம் கிடைக்காது.

காரின் முதுகைச் சரிப்பதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. 1970-களில் கோல்ஃப் காரை உருவாக்கியபோது ஃபோக்ஸ்வாகனின் ஹூக்கோ முதலிய பொறியாளர்கள் இதைக் கண்டார்கள். 1984-இல் ஜெர்மனியில் எஸ்.ஆர். அகமதுவும் உடனிருந்தவர்களும் அதைத் தெளிவாக அளந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கார்கூட இல்லை: ஒரு மீட்டரைவிடச் சற்றே நீளமான, முன்முனை உருண்ட, பின்மேல்பகுதியைச் சரிவாக வெட்டிய ஒரு பெட்டி. அந்தச் சரிவின் கோணத்தை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். 12.5 டிகிரியில் குணகம் சுமார் 0.23. கோணம் கூடக் கூட அது ஏறியது. 30 டிகிரியில் சுமார் 0.38-ஐத் தொட்டது. அங்கே ஒரு சிறு தகடு வைத்துக் காற்றோட்டத்தைப் பிரித்துவிட்டதும் அதே 30 டிகிரியில் குணகம் 0.26-க்கு விழுந்தது. சரிவின் இரு ஓரங்களிலும் கயிறு முறுக்குவது போல இரண்டு பலமான சுழல்கள் எழுந்து சரிவுப் பரப்பைப் பின்னுக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தன. காற்றோட்டம் முழுசாகப் பிரிந்ததும் அவை வலுவிழந்துவிட்டன. பார்வைக்கு வழவழப்பான சரிவு, மட்டையாக வெட்டியதைவிட மோசமாக இருக்கலாம் என்பது அப்போது உறுதியானது. இன்றைய ஹேட்ச்பேக்குகளின் பின்கண்ணாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஸ்பாய்லர் பல கார்களில் அழகுக்காக மட்டும் இல்லை. காற்று எங்கே பிரிய வேண்டும் என்பதை அந்தக் கூர்விளிம்புதான் தீர்மானிக்கிறது.

அடுத்து, யாரும் குனிந்து பார்க்காத அடிப்பக்கம். ஒரு காரை லிஃப்டில் ஏற்றி நிமிர்ந்து பாருங்கள். சைலன்சர் குழாய், பெட்ரோல் டேங்க், சஸ்பென்ஷன் கைகள், ஸ்டெப்னிக் குழி என்று ஒரே மேடுபள்ளம். ஒவ்வொன்றிலும் காற்று மோதிச் சுழன்று வேகம் இழக்கிறது. அப்படிச் சோர்ந்த காற்று பின்னால் வந்து சேர்வதால் வாலுக்குப் பின்னுள்ள பள்ளமும் பெரிதாகிறது. அடியில் தட்டையான பிளாஸ்டிக் பலகைகளைப் பொருத்தி, கடைசிப் பகுதியைச் சற்றே மேல்நோக்கிச் சரித்துவிட்டால், சாதாரணக் காரில் குணகம் 0.02, 0.03 வரை குறையும். முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தொங்கும் கறுப்புப் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். அதுவும் இதே வேலைக்குத்தான். பம்பருக்கு அடியிலிருந்து சாய்வாக வெளியேறும் காற்று சுழலும் டயரில் நேராக மோதாமல் அது ஒதுக்கிவிடுகிறது. சக்கரங்களும் சக்கரக்குழிகளும் சேர்ந்து மொத்த இழுவையில் கால் பங்கு வரை கொண்டுவரக்கூடும் என்பதால், அந்தத் துண்டுப் பிளாஸ்டிக்குக்கு மரியாதை உண்டு. வேகத்தடையில் உரசி அது உடைந்துபோனால் யாரும் மாற்றுவதில்லை என்பது வேறு விஷயம்.

0.32 என்பது 0.29 ஆகிவிட்டால் என்ன மிச்சம்? நம் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்குப் பதினெட்டரை கொடுக்கிறது என்று கொள்வோம். காற்றின் இழுவை 3 கிலோ குறையும். மொத்தத் தடையில் அது 7 சதவீதம். ஆனால் பெட்ரோல் 7 சதவீதம் குறையாது. பிஸ்டன்களின் உராய்வுக்கும் பம்புகளுக்கும் போகும் பெட்ரோல் அப்படியேதான் இருக்கும். நிகர மிச்சம் 4, 5 சதவீதம். 100 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் ஒரு லிட்டருக்குச் சற்று மேல்.

அப்படியானால் எல்லாக் கார்களிலும் ஏன் முழு மூடி இல்லை? செலவு ஒரு காரணம். சைலன்சரும் அதன் கேடலிஸ்டும் கக்கும் சூடு வெளியேற வேண்டும். மழைச் சேறு பலகைக்கு மேல் தேங்கக் கூடாது. ஆயில் மாற்ற மெக்கானிக் அதைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது இரண்டு கிளிப் காணாமல் போயிருக்கும். அப்புறம் பலகையின் ஒரு மூலை தொங்கும். நெடுஞ்சாலையில் அடியிலிருந்து படபடவென்று சத்தம் வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். தொங்கும் பலகை காற்றை அள்ளும் என்பதால் அது இல்லாததைவிட மோசம்.

கண்ணாடிகள் கதை சுவையானது. இரண்டு சைடு மிரர்களும் மிகச் சிறியவை. ஆனால் அவை இருக்கும் இடம் பொல்லாதது. முன்கண்ணாடியின் ஓரத்துத் தூணைச் சுற்றி வளையும் காற்று அங்கே காரின் வேகத்தைவிட அதிக வேகத்தில் பாய்கிறது. இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் சின்னப் பொருளும் அங்கே பெரிய பொருளாகிவிடும். மிரருக்குப் பின்னால் எழும் சுழல் பக்கக் கண்ணாடியைத் தட்டுவதும் வேகத்தில் காதருகே கேட்கும் இரைச்சலுக்கு ஒரு காரணம். 2018-இல் வந்த ஆடியின் இ-ட்ரான் மின்காரில் மிரருக்குப் பதிலாக மெல்லிய கைகளில் கேமராக்களைப் பொருத்திக்கொள்ளலாம். சாதாரண மிரரோடு அதன் குணகம் 0.28, கேமராவோடு 0.27. நூற்றில் ஒரு பங்குதான். இதையே நம் பெட்ரோல் காருக்குப் போட்டுப் பார்த்தால், 100 கிலோமீட்டருக்கு நூறு மில்லி லிட்டர்கூட மிஞ்சாது. கதவில் இருக்கும் திரையைப் பார்த்து ஓட்டப் பழகும் சிரமத்துக்கு இது ஈடாகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். மின்கார் நிறுவனங்கள் இதற்கு மெனக்கெடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது: பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட இழுவையைக் குறைப்பது மலிவு.

இவற்றோடு ஒப்பிட்டால் கால் பெடல் செய்வது மிகப் பெரிது. அதே காரை 100-க்குப் பதில் 80-இல் ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் மிச்சம், அதாவது அடிப்பலகை தருவதைப்போல நான்கு மடங்கு. 120-க்கு ஏற்றினால் அதைவிடச் சற்று அதிகமாகவே கைவிட்டுப் போகும். மைலேஜ் 15-க்கு இறங்கும். கூரைமேல் வெறுங்கேரியரோடு வருஷம் முழுக்கச் சுற்றும் வண்டிகள் செலுத்தும் வரியும் இதே கணக்கில்தான் வருகிறது.

புத்தகத்தில் அச்சிட்ட எண்ணை வைத்து இரண்டு நிறுவனங்களின் கார்களை ஒப்பிடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரு சுரங்கத்தில் தரை அசையாமல் இருக்கும், இன்னொன்றில் பெல்ட் ஓடும், சக்கரம் சுழலும், விடை மாறும். அச்சிடுவது பெரும்பாலும் ஒல்லியான டயரும் மூடிய வடிவ அலாயும் கொண்ட வேரியன்ட்டின் எண். மேல் வேரியன்ட்டில் அகலமான டயரும் திறந்த அலாயும் வந்தாலே குணகம் கூடும். காற்றும் எப்போதும் நேர் எதிரே வீசுவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கவாட்டில் அடிக்கும்போது இழுவை சுரங்கத்தில் அளந்ததைவிட அதிகமாகவே இருக்கும்.