எல்டிஎல்: அளந்த எண்ணா, கழித்த எண்ணா?

லிப்பிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது எல்டிஎல் என்ற வரிக்குத்தான். கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்வது அதைத்தான். மாத்திரை தொடங்குவதா, அளவைக் கூட்டுவதா என்று டாக்டர் முடிவெடுப்பதிலும் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பல லேப்களில் அதை எந்தக் கருவியும் அளப்பதில்லை. வேறு மூன்று அளவுகளை எடுத்து, கழித்துத்தான் அதைப் பெறுகிறார்கள்.

உண்மையில் அளக்கப்படுவது மொத்தக் கொலஸ்ட்ரால். ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் சீரத்தில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, 1 மில்லி ரீஏஜென்ட்டில் கலந்து, 37 டிகிரியில் சில நிமிடம் வைப்பார்கள். அந்த ரீஏஜென்ட்டில் மூன்று நொதிகள் இருக்கும். நம் ரத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு அமிலத்தோடு ஒட்டியே இருக்கிறது. கொலஸ்ட்ரால் எஸ்டரேஸ் முதலில் அதைப் பிரித்துவிடும். பிறகு கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அந்தப் பெராக்சைடைக் கொண்டு பெராக்சிடேஸ் ஒரு சிவப்பு நிறத்தை உருவாக்கும். கொலஸ்ட்ரால் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அடர்த்தியாக நிறம் வரும்.

505 நானோமீட்டர் அலைநீள ஒளியை அந்த நிறம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, அளவு தெரிந்த ஸ்டாண்டர்டோடு ஒப்பிடுவார்கள். 200 மில்லிகிராம் ஸ்டாண்டர்டு 0.300 என்று காட்டும்போது நம் சீரம் 0.330 காட்டினால், 0.330-ஐ 0.300-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்க வேண்டும். விடை 220. அதாவது 100 மில்லி சீரத்தில் 220 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்.

நொதி பிசகாவிட்டாலும் நிறம் பிசகலாம். ரத்தத்தில் வைட்டமின் சி மிக அதிகமாக இருந்தால் அது பெராக்சைடைத் தின்றுவிடும். நிறம் வெளுத்து, கொலஸ்ட்ரால் குறைவாகத் தெரியும். மஞ்சள் காமாலையில் கூடும் பிலிரூபினும் இப்படிக் குறைத்துக் காட்டக்கூடும்.

இனி எல்டிஎல். கொலஸ்ட்ரால் ரத்தத்தில் எல்டிஎல், எச்டிஎல், விஎல்டிஎல் என்ற மூன்று துகள்களில் பயணிக்கிறது. இவற்றைத் துல்லியமாகப் பிரிக்க அதிவேக மையவிலக்குக் கருவி வேண்டும். அது எல்லா லேப்களுக்கும் கட்டுப்படியாகாது. 1972-இல் அமெரிக்காவில் ஃப்ரீட்வால்ட், லெவி, ஃப்ரெட்ரிக்சன் ஆகிய மூவரும் அந்தக் கருவி இல்லாமலே கணக்கிட ஒரு வழி சொன்னார்கள். வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடின் பெரும்பகுதி விஎல்டிஎல் துகளில்தான் இருக்கும். அதில் ஐந்து பங்கு ட்ரைகிளிசரைடுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு கொலஸ்ட்ரால். ஆகவே ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் கொலஸ்ட்ரால் வந்துவிடும். மொத்தத்திலிருந்து அதையும் எச்டிஎல்லையும் கழித்தால் மீதி எல்டிஎல்.

நம் 220-ஐயே எடுத்துக்கொள்வோம். எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 150. ஐந்தால் வகுத்தால் 30. 220-இல் 40-ம் 30-ம் போனால் எல்டிஎல் 150.

அதே ஆள் வயிறார உண்டபின் ரத்தம் கொடுத்தார், ட்ரைகிளிசரைடு மட்டும் 250 ஆனது என்று வையுங்கள். இப்போது 50 கழிபடும். எல்டிஎல் 130 என்று வரும். அவர் உடம்பில் 20 மில்லிகிராம் எல்டிஎல் மறைந்துவிடவில்லை. உணவுக்குப் பின் குடலிலிருந்து வரும் கைலோமைக்ரான் துகள்களில் ட்ரைகிளிசரைடு நிறைய இருக்கும், கொலஸ்ட்ரால் மிகக் குறைவு. ஐந்தால் வகுக்கும் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. தேவைக்கு மேல் கழித்துவிடும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கையே போடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

400-க்குள் இருந்தாலும் ஓர் ஆபத்து உண்டு. மாத்திரை எடுத்துவரும் ஒரு சர்க்கரை நோயாளிக்கு மொத்தம் 130, எச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு 350 என்று வைத்துக்கொள்வோம். 70 கழிந்து எல்டிஎல் 25 என்று அச்சாகும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் உண்மை அளவு அதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தக் குறையைப் போக்கத்தான் 2013-இல் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து என்ற நிலையான எண்ணை விட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் மாறும் வகுஎண்ணைக் கொண்டுவந்தார்கள்.

ரிப்போர்ட்டில் விஎல்டிஎல் என்ற எண் ட்ரைகிளிசரைடில் சரியாக ஐந்தில் ஒரு பங்காக இருந்தால், உங்கள் எல்டிஎல் பெரும்பாலும் கழித்து வந்ததுதான். அப்போது ட்ரைகிளிசரைடு வரியையும் சேர்த்துப் படியுங்கள். அது கூடுதலாக இருந்தால், எல்டிஎல்லை நேரடியாக அளக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்த எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நோயாளிக்கு அது 95. ட்ரைகிளிசரைடு எவ்வளவு ஏறினாலும் ஐந்தால் வகுக்கும் பிழை அந்த எண்ணுக்குள் வராது.