பால்கனியை மூடிவிட்டார்... சங்கம் என்ன எழுதலாம்?

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை அண்ணாந்து பார்த்தாலும் இரண்டு மூன்று பால்கனிகளாவது மூடிக் கிடக்கும். மழைச்சாரல், புறா, தூசி என்று சொல்லி ஒருவர் கண்ணாடி போடுவார். இன்னொருவர் சுவரே எழுப்பி, பிள்ளை படிக்க ஓர் அறையாக்கிவிடுவார். சங்கக் கூட்டத்தில் சத்தம் எழும். "உடனே இடிக்காவிட்டால் தண்ணீர்க் குழாயை அடைப்போம்" என்று சூட்டோடு சூடாக ஒரு கடிதமும் போகும். விவகாரம் பின்னால் அதிகாரியிடமோ நீதிமன்றத்துக்கோ போனால், அந்த மிரட்டல் வரிதான் சங்கத்தின் கழுத்தைப் பிடிக்கும். ஒரு வீட்டின் தண்ணீரை நிறுத்தவோ, உள்ளே புகுந்து இடிக்கவோ சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது.

பேனாவை எடுப்பதற்கு முன் எதைக் கொண்டு மூடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பத்தடி நீளம், நாலடி அகலமுள்ள பால்கனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கைப்பிடிச் சுவருக்கு மேலே கூரை வரை ஆறரை அடி இடைவெளி. அலுமினிய ஸ்லைடிங் கண்ணாடி என்றால் கூடுகிற எடை நூறு, நூற்றிருபது கிலோதான். நாலரை அங்குலச் செங்கல் சுவர் கட்டி இருபுறமும் பூசினால், ஜன்னலுக்கு விட்ட இடம் போகச் சுமார் 1,200 கிலோ வரும்.

எடையைவிட அது எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். பெரும்பாலான பால்கனிகள் கான்டிலீவர் வகை. அறையின் பக்கம் மட்டும் பிடிமானம். வெளி விளிம்பு அந்தரத்தில் நிற்கும். இந்தியத் தர விதிப்படி, குடியிருப்புப் பால்கனி சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பயன்பாட்டுச் சுமை தாங்கும்படி வடிவமைக்கப்படும். நம் பால்கனிக்கு அது ஏறக்குறைய 1,115 கிலோ. ஆனால் அது தளம் முழுக்கப் பரவிய சுமை. அதன் மையம் சுவரிலிருந்து இரண்டடியில் இருக்கும். புதுச் சுவரோ நாலடி தள்ளி, விளிம்பில் ஏறி நிற்கிறது. அதனால் பால்கனியின் அடிவேரில் அது உண்டாக்கும் வளைவு விசை, முழுப் பயன்பாட்டுச் சுமை உண்டாக்குவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆட்களும் பொருட்களும் இதற்கு மேல்தான்.

பழுது தொடங்கினால் கீழ்வீட்டுக்காரர் கண்ணில் சட்டென்று படாது. கான்டிலீவரில் இழுவிசை மேற்பக்கத்தில் இருப்பதால் விரிசலும் மேலேதான் வரும், அதுவும் டைல்ஸுக்கு அடியில். அறையும் பால்கனியும் சேரும் கோட்டில் டைல் இணைப்பு வரிசையாகப் பிளந்திருந்தாலோ, வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வெளி விளிம்பில் தேங்கினாலோ, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை உடனே கூப்பிட வேண்டும்.

"நான் கண்ணாடிதானே போட்டேன்" என்பவருக்கும் பதில் உண்டு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் உயரம் குறைந்த கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது, 2,400 சதுர அடியுள்ள ஒரு கிரவுண்டில் எல்லாத் தளமும் சேர்ந்து 4,800 சதுர அடி கட்டலாம். திறந்த பால்கனியை ஓர் அளவு வரை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். மூடினால் அந்தச் சலுகை போய்விடும். நாற்பது சதுர அடி, அறைப் பரப்பாக மாறிவிடும். புரமோட்டர் அனுமதித்த பரப்பை முழுக்கக் கட்டி விற்றிருந்தால் கூடுதலாக ஒரு அடிக்கும் இடமில்லை. அதோடு, உள்ளறையின் ஒரே ஜன்னல் பால்கனியைப் பார்த்திருந்தால், அந்த அறை வெளிக்காற்றையே இழக்கிறது.

ஆகவே அனுமதி இரண்டு வகை. வெளிச்சுவரும் கட்டடத் தோற்றமும் எல்லோருக்கும் பொது என்பதால் சங்கத்தின் ஒப்புதல் ஒன்று. வரைபட அனுமதி தந்த சி.எம்.டி.ஏ. அல்லது மாநகராட்சியின் ஒப்புதல் இன்னொன்று. சங்கம் என்.ஓ.சி. கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முதலாவது இருப்பதால் இரண்டாவது தேவையில்லை என்று ஆகாது. கடிதத்தில் இது தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தன்னால் கொடுக்க முடியாததைக் கொடுப்பதாகச் சங்கம் சொன்னது போல ஆகிவிடும்.

செயற்குழுத் தீர்மானம் போட்டபின், கடிதத்தை இப்படி எழுதலாம்:

"பொருள்: மூன்றாம் தளம், 304-ஆம் எண் வீட்டின் மேற்குப் பால்கனி மூடப்பட்டது தொடர்பாக.

ஐயா, வணக்கம். தங்கள் வீட்டு மேற்குப் பால்கனியில், கைப்பிடிச் சுவருக்கு மேல் கூரை வரை செங்கல் சுவரும் ஜன்னலும் அமைக்கப்பட்டிருப்பது செயற்குழு உறுப்பினர்கள் வெளியிலிருந்து பார்வையிட்டபோது தெரியவந்தது. தேதியிட்ட புகைப்படங்கள் இணைப்பில் உள்ளன. அனுமதி பெற்ற வரைபடத்தில் இந்த இடம் திறந்த பால்கனியாகக் காட்டப்பட்டுள்ளது. இப்பணிக்குச் சங்கத்திடம் ஒப்புதல் கேட்டதாக எங்கள் பதிவேட்டில் இல்லை. தங்களிடம் அனுமதி ஏதேனும் இருந்தால் நகல் தருமாறு வேண்டுகிறோம்.

இல்லையெனில், இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் கீழ்க்கண்டவற்றில் ஒன்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, தங்கள் செலவில் பால்கனியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. அல்லது, அளவுகளுடன் கூடிய வரைபடத்தையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சான்றையும் சங்கத்திடம் கொடுத்து ஒப்புதல் கோருவதோடு, உரிய அமைப்பிடம் திருத்திய வரைபட அனுமதிக்கு விண்ணப்பித்து, அதன் நகலைத் தருவது. சங்கத்தின் ஒப்புதல் அரசு அனுமதிக்கு ஈடாகாது. முடிவு தெரியும்வரை மேற்கொண்டு எந்த வேலையும் செய்ய வேண்டாம். நேரில் பேச விரும்பினால் ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வரலாம்."

இதில் 'ஆக்கிரமிப்பு', 'சட்டவிரோதம்' போன்ற சொற்கள் இல்லை. கண்ணால் கண்டது, காகிதத்தில் இருப்பது, செய்ய வேண்டியது, கெடு ஆகியவை மட்டும் இருக்கின்றன. முன்பிருந்த நிர்வாகி யாராவது அனுமதிக் கடிதம் கொடுத்திருக்கலாம் என்பதால்தான் நகல் கேட்கும் வரி. வாடகைக்காரர் குடியிருந்தால் கடிதம் உரிமையாளர் பெயருக்குப் போக வேண்டும். குடியிருப்பவருக்கு நகல் போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தைக் கோப்பில் வைக்க வேண்டும்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம், பொதுக்குழுவின் தீர்மானம், பிறகு அனுமதி தந்த அமைப்பிடம் எழுத்துப்பூர்வமான புகார். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, அனுமதியில்லாத கட்டுமானத்தை அகற்றச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கும் அதிகாரத்தை அந்த அமைப்புக்குத் தருகிறது.

304-க்கு மட்டும் கடிதம் போனால், "102 ஐந்து வருஷமாக மூடியிருக்கிறதே, அவரைக் கேட்டீர்களா?" என்பதுதான் முதல் பதிலாக வரும். எந்த அதிகாரி முன்னாலும் அது எடுபடக்கூடிய கேள்வி. அதனால் கட்டடத்தைச் சுற்றி வந்து, மூடிய எல்லாப் பால்கனிகளையும் படமெடுத்து, எல்லோருக்கும் ஒரே தேதியிட்ட கடிதம் அனுப்ப வேண்டும். பட்டியலில் செயலாளரின் வீடும் இருந்தால், கடிதத்தில் வேறொரு நிர்வாகி கையெழுத்துப் போடட்டும்.