உள்ளே வராத காற்று வெளியே போகாது

வேதியியல் ஆய்வகத்தில் நச்சாவி கிளம்பும் வேலைகளை ஃபியூம் ஹூட் என்ற கூண்டுக்குள் வைத்துத்தான் செய்வார்கள். அதன் முன்புறம் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு இருக்கும். மொட்டைமாடியில் உள்ள விசிறி இழுக்க, கதவின் திறப்பு வழியாக அறைக்காற்று உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் ஆவியை ஆய்வாளரின் மூக்குக்கு வரவிடாமல் தடுக்கிறது. அதன் வேகத்தை முகப்பு வேகம் என்பார்கள். நொடிக்கு அரை மீட்டர் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

இன்னும் வேகமாக இழுத்தால் இன்னும் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆற்று நீர் தூணில் மோதிப் பிரியும்போது தூணின் மறுபுறம் சுழி உண்டாகும். ஹூட்டின் முன் நிற்பவர் அந்தத் தூண். சுழி விழுவது அவர் மார்புக்கும் கதவுக்கும் நடுவே. வேகம் மிஞ்சினால் அந்தச் சுழி வலுத்து, உள்ளிருக்கும் ஆவியை அவர் முகத்துக்கே கொண்டுவரும்.

அரை மீட்டர் வேகத்துக்கே எவ்வளவு காற்று வேண்டும்? கதவு ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் திறந்திருந்தால் மணிக்கு 1,350 கன மீட்டர். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையில் இப்படி நான்கு ஹூட்கள் ஓடினால், அறைக்காற்று முழுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போய்விடும். சென்னை ஆய்வகம் என்றால், குளிரூட்டி ஈரம் நீக்கிய காற்று அத்தனையும் மாடி வழியே போகிறது.

இதைக் குறைக்கவே மாறு-அளவுக் கட்டுப்பாடு வந்தது. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை உணரி கவனிக்கும். குழாயிலுள்ள டாம்பர் அதற்கேற்பச் சில நொடிகளில் திறக்கும், மூடும். கதவை இறக்கினால் வேகம் மாறாமல் காற்றின் அளவு மட்டும் குறையும். முழுக்க மூடினாலும் ஆவி உள்ளே தேங்காதபடி ஒரு குறைந்தபட்ச ஓட்டம் இருக்கும். கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போனால் இந்த ஏற்பாட்டால் ஒரு பைசாகூட மிச்சமாகாது.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக அறைக்குப் புதுக்காற்று வந்தாக வேண்டும். நம் கணக்கில் 5,400 போகிறது என்றால் ஏறக்குறைய 5,000 உள்ளே அனுப்புவார்கள். மீதி நடைபாதையிலிருந்து கதவிடுக்கு வழியே வரும். ஆவி நடைபாதைக்குப் போகாதிருக்க அந்தக் குறை வேண்டும். டாம்பர் திறக்கும்போது இந்த வரத்தும் கூடவே உயர வேண்டும். வரத்துப் பக்கத்து ஃபில்டர் தூசியால் அடைத்தால், மாடி விசிறி எவ்வளவு சுழன்றாலும் ஹூட்டில் வேகம் விழும். புதுக்காற்று ஹூட்டின் முகத்துக்கு நேராக வீசினாலும் கெடுதல்தான். அது முகப்பு வேகத்தில் பாதியைக்கூடத் தொடக்கூடாது.

உங்கள் ஆய்வகக் கதவை இழுத்துத் திறக்க வழக்கத்தைவிட பலம் தேவைப்பட்டால், அன்று ஹூட்டில் கை வைக்காதீர்கள். முதலில் வரத்து ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.