உங்களுக்குத் தெரியுமா? ஹாலில் இருந்து பெட்ரூமுக்கு டிஷ் கேபிள்!

டிவியையும் செட்-டாப் பாக்ஸையும் வேறு அறைக்கு மாற்ற, மொட்டை மாடி டிஷ்ஷைத் தொடவே வேண்டாம்! கேபிளை மட்டும் நீட்டினால் போதும். டிஷ் 1 டிகிரி திரும்பினாலே போதும். 36,000 கி.மீ. உயரத்தில் அதன் குறி 600 கி.மீ.க்கு மேல் விலகிப்போகும். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் அளந்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு!

டிஷ் கேபிள் சிக்னலைக் கீழே கொண்டுவருவது மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? அதே கம்பி வழியாக மின்சாரம் மேலே ஏறுகிறது! டிஷ் முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்குத் தனி பிளக் கிடையாது. அதை இயக்குவதே உங்கள் பாக்ஸ் அனுப்பும் 13 அல்லது 18 வோல்ட்தான்!

இந்த 13-ம் 18-ம் வெறும் மின்சாரம் அல்ல, கட்டளை! 13 வந்தால் எல்.என்.பி. செங்குத்து அலையைப் பிடிக்கும். 18 வந்தால் கிடை அலையைப் பிடிக்கும். இரண்டு அலையிலும் சேனல் அனுப்பும் சேவை என்றால், ரிமோட்டில் நீங்கள் ஒரு பட்டனைத் தட்டும்போது மொட்டை மாடியில் வோல்டேஜ் மாறலாம்!

அந்தச் சின்ன எல்.என்.பி., வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது தெரியுமா? 1 லட்சம் மடங்கில் இருந்து 10 லட்சம் மடங்கு வரை! கேபிள் நீளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதற்குக் காரணமே இதுதான். இழப்பு எல்லாம் பெருக்கிய பிறகுதானே!

ஆர்.ஜி.6 கேபிளின் நடுக்கம்பியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்! மேலே செம்பு பூச்சு, உள்ளே எஃகு. ஏமாந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். டிஷ் சிக்னல் கம்பியின் தோலில்தான் ஓடும். 1,000 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் தடிமன் 1 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 500-ல் ஒரு பங்கு!

இப்போது ஒரு கணக்கு. ஹாலுக்கு வந்த கேபிள் 12 மீட்டர். பெட்ரூமுக்குப் போக இன்னும் 15 மீட்டர் சேர்க்கிறீர்கள். மொத்தம் 27. ஆர்.ஜி.6 கேபிள் டிஷ் சிக்னலின் மேல் எல்லையில் 100 மீட்டருக்குச் சுமார் 30 டெசிபெல் தின்னும். அப்படியானால் புதிய 15 மீட்டர் மட்டும் தின்பது நாலரை டெசிபெல். அதாவது, சிக்னலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காலி!

படம் மங்குமா? துளியும் மங்காது! எல்.என்.பி.யில் இருந்து −35 டிபிஎம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 27 மீட்டர் கேபிளுக்கு 8, நடுவில் போட்ட ஜாயின்ட்டுக்குத் தாராளமாக 1. பாக்ஸுக்கு −44 வந்து சேரும். பெரும்பாலான பாக்ஸ்கள் −65 வரை தாங்கும். இன்னும் 21 டெசிபெல் கையிருப்பு! சிக்னல் மேலும் 100-ல் ஒரு பங்காகச் சுருங்கினாலும் படம் அப்படியே வரும்!

அப்படியானால் கெடுப்பது யார்? நீளம் அல்ல, ஹாலிலும் ஒரு பாக்ஸ் இருக்கட்டும் என்று கடையில் அவசரத்தில் வாங்கும் ஸ்பிளிட்டர்! ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் நல்ல ஸ்பிளிட்டரே 4, 5 டெசிபெல் எடுத்துக்கொள்ளும். உள்ளங்கையில் அடங்கும் அந்தத் தகர டப்பா, மேலே பார்த்த 15 மீட்டர் கேபிளுக்குச் சமம்!

ஸ்பிளிட்டரின் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள். 5–1000 என்று இருந்தால் அது கேபிள் டிவிக்கானது. டிஷ் சிக்னல் கேபிளில் இறங்குவதோ 950-ல் இருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அந்த ஸ்பிளிட்டர் பொறுப்பேற்பது வெறும் 50-க்குத்தான்! 5–2400 அல்லது அதற்கு மேல் போட்டிருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

சரியான ஸ்பிளிட்டரிலும் ஒரு விஷயம் இருக்கிறது! பலவற்றில் ஒரே ஒரு வாய் வழியாகத்தான் மின்சாரம் மேலே போகும். அந்த வாயின் பக்கத்தில் 'பவர் பாஸ்' என்று பொருள்படும் குறி இருக்கும். அதில் மாட்டிய ஹால் பாக்ஸின் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பெட்ரூமில் ஓடிக்கொண்டிருந்த படமும் அந்த நொடியே போய்விடும்!

இரண்டு வாயிலும் மின்சாரம் போகும் ஸ்பிளிட்டர் வாங்கினால் தீர்ந்ததா? தீராது! ஹாலில் ஒருவர் 18 வோல்ட் சேனலுக்குத் தாவுகிறார். பெட்ரூமில் அம்மா பார்த்துக்கொண்டிருந்த 13 வோல்ட் சேனல் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. 13-ம் 18-ம் மோதினால் ஜெயிப்பது எப்போதும் 18! அம்மாவின் பாக்ஸில் எந்தக் கோளாறும் இல்லை.

"பாதி சேனல் வருது, பாதி வரலை" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வோல்டேஜ் சண்டையைத்தான்! மழைதான் காரணம் என்றால் ஒரு வோல்டேஜ் சேனல்களை மட்டும் தேடிப் பிடித்து நிறுத்தாது.

இதற்கு மருந்து ஸ்பிளிட்டரே இல்லை! இரண்டு வாய் உள்ள ட்வின் எல்.என்.பி. போட்டு, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிள் இழுப்பதுதான். ஒரு வாயில் 13, இன்னொரு வாயில் 18 கேட்டாலும் இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்கும். நான்கு வாய் உள்ளவையும் கிடைக்கின்றன. ஒரே டிஷ், நான்கு அறை, நான்கு வேறு வேறு சேனல்!

ஒரு மயிரிழை மொத்த இணைப்பையும் கவிழ்க்கும்! கேபிள் நுனியைச் சீவும்போது வெளிப்பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் ஷார்ட். எல்.என்.பி.க்கு மின்சாரமே போகாது. பின்னல் முழுவதையும் பின்னால் மடக்கிவிட்டு, வெள்ளைப் பகுதி எஃப் கனெக்டரின் உள்தரையோடு சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டிச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டினால் கச்சிதம்! இத்தனையும் பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

சுவர் மூலையில் கேபிளை 'எல்' மாதிரி மடித்து ஆணி அடிக்கிறீர்களா? உள்ளே நடுக்கம்பி நகர்ந்து, அங்கேயே சிக்னலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும்! 7 மில்லிமீட்டர் தடிமன் கேபிளுக்கு 7 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைவு கொடுங்கள். பத்து மடங்கு!

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பாக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று வலிமை, மற்றது தரம். வலிமை 90-ல் இருந்து 70-க்கு இறங்கி, தரம் 80-லேயே நின்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்! வலிமை அப்படியே இருந்து தரம் மட்டும் விழுந்தால், ஜாயின்ட்டையும் கனெக்டரையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஸ்பிளிட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள். தரம் பூஜ்யம் என்றால் ஷார்ட்டைத் தேடுங்கள். 27 மீட்டர் கேபிளில் கோளாறு ஒளிந்திருப்பது பெரும்பாலும் கடைசி 3 மில்லிமீட்டரில்தான்!